ஒப்பந்தம் முடிகிறது: சொல்லும் விதமும் கடைசிக் கணக்கும்

குறித்த கால ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு அந்த வேலை எந்த நாளில் முடியும் என்பது சேரும் நாளிலேயே தெரியும். ஆனாலும் அந்த நாள் வரும்போது பெரும்பாலோர் அதிர்ந்துதான் போகிறார்கள். தாளில் ஒரு தேதி இருந்தாலும், நடுவில் மேற்பார்வையாளர் 'உங்களை விடமாட்டோம்' என்று சொல்லியிருப்பார். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவருக்கு ஒப்பந்தம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கும். இவற்றை வைத்து மனதுக்குள் ஒரு எதிர்பார்ப்பு வளர்ந்துவிடுகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தெரிவிப்பவர் தேதியை நினைவூட்டுவதோடு, தாளில் எங்கும் எழுதப்படாத இந்த எதிர்பார்ப்பையும் முடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் கண்ணில் இது ஆட்குறைப்பு அல்ல. 1984ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் போவதை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்து விலக்கியது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அந்த விலக்கை வைத்திருக்கிறது. மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோடு அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே காலம் முடிந்து போகிறவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. முன்னறிவிப்புக் காலமும் சட்டப்படி கட்டாயம் இல்லை; 2018ஆம் ஆண்டு மத்திய அரசு நிலையாணை விதிகளில் கொண்டுவந்த திருத்தம் அதை வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் அந்த ஒருவருடைய ஒப்பந்தத்தில் 'முப்பது நாள் முன் தெரிவிக்கப்படும்' என்றோ, 'மறுப்புத் தெரிவிக்காவிட்டால் தானாக நீளும்' என்றோ ஒரு வரி இருந்தால் நிலைமை மாறிவிடும். மனிதவளப் பிரிவு முதலில் படிக்க வேண்டியது அந்த ஒப்பந்தத் தாளைத்தான்.

அதன்பின் நாள்களை எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு முதல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. ஆறு நாள் வேலை வாரத்தில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 290 முதல் 300 நாள் வேலை வரும். எனவே ஓராண்டு ஒப்பந்தத்தை இன்னொரு ஆண்டுக்கு நீட்டினால் அந்த இரண்டாம் ஆண்டிலேயே 480 நாள் கடந்துவிடும். பல ஆலைகளில் ஓராண்டோடு ஆளை மாற்றும் பழக்கத்துக்கு, வெளியே சொல்லப்படாத காரணம் இதுதான். ஏற்கெனவே 480 நாளைத் தாண்டியவருக்கு 'காலம் முடிந்தது' என்று கடிதம் கொடுத்தால், அவர் நிரந்தரத் தகுதி கோரித் தொழிலாளர் துறைக்குப் போகலாம். நிரந்தர வேலைக்கு ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஆள்களையே வைத்திருப்பதும், அவர்களுக்கு நிரந்தரப் பலன் கிடைக்காமல் செய்வதே அதன் நோக்கமாக இருப்பதும், நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்ட அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தாளின் தலைப்பில் 'குறித்த காலம்' என்று இருப்பது மட்டும் நிறுவனத்தைக் காப்பாற்றாது.

ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை. தரச் சோதனைப் பிரிவில் ஒருவர் 2025 டிசம்பர் 1 முதல் 2026 நவம்பர் 30 வரை ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நின்றுபோனதால் அந்தப் பிரிவில் ஆள் குறைகிறது. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது.

எப்போது சொல்வது? ஒரு மாதம் முன்பு என்றால் அக்டோபர் 31. எட்டு நாள் கழித்து, நவம்பர் 8 தீபாவளி. பண்டிகை முடியட்டும், சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலான மேலாளர்கள் நினைப்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் தொழிலாளி. அவர் துணிமணிக்கும் நகைச்சீட்டுக்கும், ஊரில் இருக்கும் அக்கா தங்கை சீர்வரிசைக்கும் அடுத்த ஆண்டுச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கியிருப்பார். பண்டிகை முடிந்த மறுவாரம் செய்தி வந்தால் கையில் மூன்று வாரமும் தலைமேல் புதுக்கடனும் இருக்கும். அக்டோபர் நடுவில் சொல்லிவிட்டால் வேலை தேட ஆறு வாரம் கிடைக்கிறது, செலவையும் அவரே அளந்து செய்வார். சொல்லும் நாள் வாரத்தின் நடுவில் இருப்பது நல்லது. மறுநாளும் அவர் வந்து சந்தேகம் கேட்க அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். சனிக்கிழமை மாலை ஷிப்டு முடிந்து வண்டி கிளம்பும் நேரத்தில் உறையை நீட்டினால் அந்த வாய்ப்பு அவருக்கு இல்லை.

யார் சொல்வது என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். தினமும் அவரிடம் வேலை வாங்கிய பிரிவு மேலாளர் சொல்ல வேண்டும். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் கணக்கு விவரத்தோடு உடன் இருக்கலாம். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் அது விசாரணைபோலத் தோன்றும். லைனில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப்போனால், அவர் திரும்புவதற்குள் செய்தி கேன்டீன்வரை போயிருக்கும். ஒப்பந்தக்காரர் மூலமாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ சொல்லியனுப்புவது, ஓராண்டு வேலை செய்தவரின் முகத்தைப் பார்க்க மனமில்லை என்று சொல்வதற்குச் சமம்.

உள்ளே அழைத்தபின் சுற்றிவளைக்கக் கூடாது. உடல்நலம், வீட்டு நலம் விசாரித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து விஷயத்துக்கு வந்தால், அந்தப் பத்து நிமிடமும் நடிப்பு என்று அவருக்குத் தோன்றும். இப்படிச் சொன்னால் போதும்: "உட்காருங்க. ஒரு விஷயத்தை நேராவே சொல்லிடறேன். நவம்பர் முப்பதோட உங்க கான்ட்ராக்ட் முடியுது. அதை மறுபடி போடறதில்லைன்னு முடிவாகியிருக்கு. கடைசி நாள் வரைக்கும் வேலையும் சம்பளமும் எப்பவும் போலதான். உங்களுக்கு வரவேண்டிய பணம் எல்லாத்தையும் இந்தத் தாள்ல எழுதியிருக்கோம்." பிறகு பேச்சை நிறுத்த வேண்டும். அவர் அமைதியாக இருந்தால் அந்த அமைதியை நிரப்ப வேண்டியதில்லை. 'பார்க்கலாம்', 'மேலே பேசிப் பார்க்கிறேன்', 'ஜனவரியில் ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம்' என்பவை இரக்கத்தில் வாயில் வந்துவிடும் சொற்கள். முடிவு உண்மையிலேயே மாறக்கூடியதாக இல்லாதபோது, அவற்றை நம்பி ஒருவர் வேறு வேலை தேடாமல் உட்கார்ந்துவிடுவார்.

அவர் நிச்சயம் கேட்கும் கேள்வி, 'நான் என்ன தப்புப் பண்ணினேன்?' ஆர்டர் குறைந்ததுதான் காரணம் என்றால் அதைச் சொல்லலாம். வேலையில் குறை இருந்ததுதான் காரணம் என்றால், அது அந்த அறையில் முதன்முறையாக அவர் காதில் விழக் கூடாது. முன்னரே சொல்லித் திருத்த வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். கடிதத்தில் குறை எழுதுவதோ வேறு விவகாரம். காலம் முடிந்ததால் பணி முடிகிறது என்று எளிமையாக எழுதப்பட்ட கடிதத்துக்கு விசாரணை தேவையில்லை. 'ஒழுங்கீனம்', 'திருப்தியற்ற நடத்தை' போன்ற ஒரு சொல் அதில் ஏறினால், அது அவர்மீது களங்கம் சுமத்தும் பணிநீக்கமாகப் பார்க்கப்படலாம். விசாரணை நடத்தாமல் தண்டித்ததாக வழக்கு வரலாம். தகுதிகாண் பருவத்தில் இருந்த ஓர் ஊழியரின் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: களங்கம் ஆணையிலேயே இருக்க வேண்டியதில்லை, ஆணை சுட்டிக்காட்டும் வேறொரு தாளில் இருந்தாலும் போதும் என்றது. ஆகவே 'பார்வை: தங்களுக்கு அளிக்கப்பட்ட எச்சரிக்கைக் குறிப்பாணை' என்று கடிதத்தின் தலையில் பழக்கதோஷமாகச் சேர்க்கப்படும் ஒரு வரியே வழக்குக்கு வழி திறந்துவிடும்.

பேசி முடித்ததும் கையில் கொடுக்கும் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"தங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே 1.12.2025 அன்று கையெழுத்தான குறித்த காலப் பணி ஒப்பந்தம் 30.11.2026 அன்று பணிநேர முடிவில் நிறைவடைகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 30.11.2026 தங்களின் கடைசிப் பணிநாள். தங்களுக்குச் சேர வேண்டிய தொகைகளும் அவை வழங்கப்படும் தேதிகளும் இணைப்பில் உள்ளன. அதில் திருத்தம் இருந்தால் 15.11.2026க்குள் மனிதவளப் பிரிவில் தெரிவிக்கவும். பணி அனுபவச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் கடைசி நாளன்று நேரில் வழங்கப்படும். தங்கள் பணிக்கு நிறுவனம் நன்றி தெரிவிக்கிறது."

அவர் படிக்கும் மொழியில் அது இருக்க வேண்டும். கோவை, திருப்பூர் ஆலைகளில் ஒடியா, வங்கம், இந்தி மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய தாள், நிறுவனத்தின் கோப்புக்கு மட்டும்தான் உதவும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும்போது, அது பெற்றதற்கான கையெழுத்தே தவிர ஒப்புதலுக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி கணக்கு. அந்தத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 23,400 ரூபாய். வீட்டுவாடகைப் படியும் பயணப் படியும் சேர்த்து 10,400. மொத்தம் 33,800. புதிய சட்டங்களில் 'ஊதியம்' என்ற சொல்லுக்கு ஒரே வரையறை வந்திருக்கிறது. வீட்டுவாடகைப் படி, பயணப் படி போன்றவை ஊதியத்தில் சேராது. ஆனால் இப்படி விலக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். இங்கே விலக்கப்பட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே இவருடைய ஊதியம் 23,400தான். அடிப்படையைச் சிறிதாக்கிப் படிகளை ஊதவைத்திருக்கும் நிறுவனங்களில் இந்த இடத்தில்தான் கணக்குப் பிழை வரும்.

முதலில் கிராஜுவிட்டி. ஐந்தாண்டு முடித்தால்தான் கிராஜுவிட்டி என்ற பழைய பேச்சு இன்னும் பலர் மனதில் இருக்கிறது, கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் உட்பட. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அது இப்போது பொருந்தாது. ஓராண்டு பணி முடித்தாலே உரிமை உண்டு. கணக்கு பழையதுதான்: மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 23,400ஐ 26ஆல் வகுத்தால் 900. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 13,500 ரூபாய். வீட்டு வாடகை ஒப்பந்தம்போல வேலையையும் பதினோரு மாதத்துக்கு எழுதும் ஆசை சில முதலாளிகளுக்கு வருவது இந்தத் தொகையை நினைத்துத்தான்.

விடுப்புச் சம்பளத்தில் தகராறு வேறு மாதிரி. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு. 2026 ஜனவரி முதல் நவம்பர் வரை அவர் 260 நாள் வேலை செய்தார் என்றால் 13 நாள் விடுப்புச் சேரும். ஐந்து நாள் எடுத்துவிட்டார், மீதி எட்டு. ஒரு நாளின் மதிப்பு என்ன? ஊதியத்தை மட்டும் எடுத்தால் 900. படிகளையும் சேர்த்த மொத்தச் சம்பளத்தை எடுத்தால் 1,300. எட்டு நாளுக்கு 3,200 ரூபாய் வித்தியாசம். இந்த ஆலையின் ஒப்பந்தம் மொத்தச் சம்பள வீதத்தில் தருவதாகச் சொல்கிறது, எனவே 10,400. எந்த வீதம் என்பதைக் கணக்குத் தாளில் எழுதாமல் 'விடுப்புத் தொகை' என்று ஒரு எண்ணை மட்டும் போட்டால், அவர் வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கோடு அது ஒத்துப்போகாது. கோபம் அங்கேதான் தொடங்கும்.

நவம்பர் மாதச் சம்பளம் முழுமையாக 33,800. இதையும் விடுப்புத் தொகையையும் கூட்டினால் 44,200. பிடித்தம் இரண்டு. வருங்கால வைப்புநிதிக்கு, 15,000 ரூபாய் வரம்பில் பன்னிரண்டு சதவீதம், 1,800. ஜூனில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கிய முன்பணத்தில் மீதி 6,000. ஆக 36,400 ரூபாய் கைக்கு வரும். கிராஜுவிட்டி 13,500 தனி. மொத்தம் 49,900. முன்பணத்தைச் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். கிராஜுவிட்டியிலிருந்து பிடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கலந்து 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்று ஒற்றை வரியில் கொடுக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. தொலைந்த கருவி, சீருடை, விடுதி வாடகை என்று கடைசி நாளில் புதிதாக முளைக்கும் பிடித்தங்களும் அதற்குள் நுழைந்துவிடும். அதனால்தான் 'நோ டியூஸ்' சரிபார்ப்பைக் கடைசி நாளுக்கு வைக்காமல் இரண்டு வாரம் முன்பே முடிக்க வேண்டும். அப்போதுதான் தன்னிடம் இல்லாத வெர்னியர் அளவுகோலை யாரிடம் ஒப்படைத்தோம் என்று அவரால் தேடிச் சொல்ல முடியும்.

போனஸ் இந்த எடுத்துக்காட்டில் வராது, ஏனென்றால் சட்டப்படியான போனஸுக்கு மாதம் 21,000 ரூபாய் என்ற வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே வாங்குபவருக்கு, அந்தக் கணக்காண்டில் முப்பது நாளாவது வேலை செய்திருந்தால் போனஸ் உண்டு. நவம்பரில் போனவருக்கு 2026-27க்கான போனஸ் அப்போது கணக்கிடப்பட்டிருக்காது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதாவது 2027 நவம்பர் இறுதிக்குள். அடுத்த தீபாவளிக்கு ஆலையில் எல்லோருக்கும் போனஸ் வரும்போது, போனவரின் பங்கு பெரும்பாலும் மறந்தே போகும். கடிதத்தில் ஒரு வரியும், அவருடைய வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தால் மறக்காது.

பணம் எப்போது வரும்? பணியிலிருந்து நீக்கப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, ராஜினாமா செய்தாலோ இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியங்கள் தொகுப்புச் சட்டம். ஒப்பந்தக் காலம் முடிவது அந்த வரிசையில் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டால் மாதச் சம்பளக்காரர்களுக்குரிய அடுத்த மாதம் ஏழாம் தேதிவரை இழுக்கலாம். ஆனால் முடிவு தேதி ஓராண்டாகத் தெரிந்த விஷயம், கணக்கை முன்கூட்டியே போட்டுவைக்க முடியாததற்கு ஒரு காரணமும் இல்லை. நவம்பர் 30 திங்கட்கிழமை. டிசம்பர் 2 புதன்கிழமைக்குள் 36,400 ரூபாய் அவர் கணக்கில் ஏறிவிடலாம். கிராஜுவிட்டிக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. டிசம்பர் 30 அதன் எல்லை.

வருங்கால வைப்புநிதியை நிறுவனம் கையில் கொடுப்பதில்லை. ஆனால் நிறுவனம் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது: அவருடைய யுஏஎன் எண்ணில் பணிவிலகிய தேதியைப் பதிவது. அது பதியப்படாமல் கிடந்தால் புது நிறுவனத்தின் கணக்குக்குப் பணத்தை மாற்றும் கோரிக்கை நின்றுபோகும். கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழிந்தபின் தொழிலாளியே இணையதளத்தில் அந்தத் தேதியைப் பதியும் வசதி உண்டு. பலருக்கு அது தெரியாது. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்பதால், சிறு சிறு ஒப்பந்தங்களில் வேலை செய்பவர் ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துவிடாமல் மாற்றிக்கொண்டே போவது அவருக்கு லாபம்.

கடைசி நாளில் நிறுவனங்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'இன்னும் நாலு நாள் வந்து புது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போங்க' என்று மேற்பார்வையாளர் கேட்பார். இவரும் மறுக்க மாட்டார். டிசம்பர் 1 அன்று வருகைப் பதிவில் அவர் பெயர் ஏறிவிட்டால், ஒப்பந்தம் முடிந்தது என்ற வாதமே ஆட்டம் கண்டுவிடும். எந்த ஒப்பந்தத்தின் கீழ் அந்த நாள் வேலை செய்தார் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வேலையை ஒப்படைக்கும் காலம் நவம்பருக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாள்களுக்குத் தனியாக எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணின் ஒப்பந்தம் முடியும்போதும் இதேபோல் நிதானிக்க வேண்டும். தில்லி அரசு மருத்துவமனை ஒன்றில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்த பெண் மருத்துவர் 2017 ஜூன் 1 முதல் பேறுகால விடுப்புக் கேட்டார். ஒப்பந்தம் ஜூன் 11 அன்று முடிவதால் பதினொரு நாள் மட்டுமே என்று சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் 26 வாரத்துக்கான பலன் அவருக்கு உண்டு, ஒப்பந்த முடிவைக் காட்டி அதை நறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எனவே அப்படிப்பட்டவருக்கான கணக்குத் தாளில் ஒப்பந்தத்தின் கடைசி நாள் ஒரு தேதியாகவும், பேறுகாலப் பணம் முடியும் நாள் வேறொரு தேதியாகவும் இருக்கும்.

அனுபவச் சான்றிதழில் பதவி, காலம், செய்த வேலை ஆகியவற்றோடு 'ஒப்பந்தக் காலம் முழுவதையும் நிறைவு செய்தார்' என்ற வரி இருப்பது அவருக்கு மிகவும் உதவும். அடுத்த நேர்முகத்தில் 'ஏன் அங்கிருந்து வந்துவிட்டீர்கள்?' என்று கேட்பவருக்கு அந்த வரியே பதில். அதைக் கொடுக்கும் மேசையில், 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சடித்த தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தொகை எழுதப்படாத தாளில் யாரும் கையெழுத்திடத் தேவையில்லை. சட்டப்படி வரவேண்டிய கிராஜுவிட்டியை அந்தக் கையெழுத்து அழித்துவிடாது. டிசம்பர் 30க்குள் அது வராவிட்டால், அவர் தொழிலாளர் துறையில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் வட்டியோடு நிறுவனம் கொடுக்க வேண்டியிருக்கும்.